ஆறும் சாறும்: ஒலிமாற்றம் சொல்லுக்குச் சொல் நடக்கிறதா?

ஒரு ஊரின் பெயரையோ ஒரு குடியின் பெயரையோ எடுத்து, "இந்த எழுத்து அந்த எழுத்தாகத் திரிந்தது" என்று ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் வரலாற்றுக்குப் போய்விடுகிற கட்டுரைகள் நம்மிடையே நிறைய வருகின்றன. நானும் அவற்றை விரும்பி வாசிப்பவன்தான். ஆனால் அந்த ஒரு வரியில்தான் கட்டுரையின் முழுப் பாரமும் நிற்கிறது. எழுத்து திரிந்தது என்றால் எந்த விதிப்படி திரிந்தது? அதே எழுத்துள்ள மற்றச் சொற்களும் திரிந்தனவா? திரியாவிட்டால் ஏன்? இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டால், "மொழியில எல்லாம் விதிப்படியா நடக்குது, சொல்லுக்குச் சொல் மாறும்தானே" என்று பதில் வருகிறது. அண்மையில் இந்தப் பதிலுக்குத் துணையாக ஒரு பெரிய பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது: பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. அவர் என்ன சொன்னார், அவர் சொன்னது எவ்வளவு தூரம் நிற்கும், அதை வைத்து நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைப் பார்ப்பதற்கே இதை எழுதுகிறேன்.

முதலில் விதிப்படி நடக்கும் மாற்றம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். அதற்குத் தூரம் போகத் தேவையில்லை. எங்கட பேச்சில் ழகரம் இல்லை. பழம் பளம், மழை மளை, கோழி கோளி, எழும்பு எளும்பு. பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவரும் 'தொளத்தான்' போகிறார். இதில் கவனிக்க வேண்டியது, எந்தச் சொல்லும் தப்பவில்லை என்பதுதான். அடிக்கடி வரும் சொல், அருமையாக வரும் சொல், மார்க்கச் சொல், சமையலறைச் சொல் என்ற வேறுபாடே இல்லை. ழகரம் இருந்த இடமெல்லாம் ளகரம். மேடையில் பேசும்போது சிலர் ழகரத்தை ஒலிக்கிறார்களே என்றால், அது எழுத்தைப் பார்த்து நாவைப் பழக்கியது. பழைய ஒலி அந்தச் சொல்லில் மட்டும் தங்கி நின்றதல்ல. இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் பிள்ளைகளின் கொப்பிகளைப் பாருங்கள். 'வாளைப்பழம்' என்று எழுதும் பிள்ளைதான் 'பள்ளிக்கூடம்' என்பதைப் 'பழ்ழிக்கூடம்' என்றும் எழுதிவிடும். எந்தச் சொல்லில் ழ, எந்தச் சொல்லில் ள என்ற தகவல் காதில் இல்லை. ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் பண்ணித்தான் ஆக வேண்டும். ஒரு மாற்றம் முழுமையாக நடந்து முடிந்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து இளம் அறிஞர் சிலர் 1870களில் சொன்னது இதைத்தான். ஒஸ்தோஃப், ப்ரூக்மான் இருவரும் 1878இல் ஒரு முன்னுரையில் அதை ஒரு பிரகடனம் போலவே எழுதினார்கள்: ஒலிமாற்றம் இயந்திரம் போல நடக்கிறது, அதன் விதிகளுக்கு விலக்கில்லை. ஒரு மொழிபேசும் கூட்டத்தில் ஒரு ஒலி ஒரு சூழலில் மாறினால், அந்தச் சூழலில் அந்த ஒலி வரும் எல்லாச் சொல்லிலும் மாற வேண்டும். மாறாத சொல் கண்ணில் பட்டால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நீங்கள் சூழலைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை, அல்லது அந்தச் சொல் வேறு மொழியிலிருந்தோ வேறு வட்டாரத்திலிருந்தோ வந்தது, அல்லது வேறொரு சொல்லைப் பார்த்து ஒத்துப்போய்விட்டது.

கேட்கக் கடுமையாக இருந்தாலும் இந்தக் கொள்கை எவ்வளவு வேலை செய்தது என்பதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. கன்னடத்தில் கெய், நமக்குச் செய். அங்கே கிறு, இங்கே சிறு. இ, எ போன்ற முன்னுயிருக்கு முன் ககரம் தமிழில் சகரமானது என்பது விதி. அப்படியென்றால் கெடு ஏன் செடு ஆகவில்லை? கிளி ஏன் சிளி ஆகவில்லை? கிழவன், கிடை எல்லாம் ஏன் அப்படியே நிற்கின்றன? அவற்றைக் கூர்ந்து பார்த்தால், அந்த உயிருக்கு அடுத்து ட, ள, ழ என்று நாவை மடித்துச் சொல்லும் மெய் வருகிறது. அந்த மெய் பின்னால் இருந்து இழுப்பதால் முன்னால் உள்ள ககரம் அண்ணத்தை நோக்கி நகரவில்லை. விலக்குகள் என்று நினைத்தவை ஒரு சின்ன விதியாகச் சுருங்கிவிட்டன. விலக்கில்லை என்று பிடிவாதமாக நின்றிருக்காவிட்டால் இதைத் தேடியிருக்கவே மாட்டார்கள். ஒன்றிரண்டு முரண்டுபிடிக்கும் சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. மலையாளத்தில் சீர ஆகிவிட்டது, தமிழில் கீரை கீரையாகவே கிடக்கிறது. ஆனாலும் விதி நிற்கிறது.

இனி ஆற்றுக்கும் சாற்றுக்கும் வருவோம்.

எண்ணில் வரும் ஆறு தொடக்கத்தில் சகரத்தோடு இருந்த சொல். இதை எப்படிச் சொல்கிறோம்? மத்திய இந்தியாவில் கோண்டி மொழி பேசுவோர் ஆறை ஸாருங் என்கிறார்கள், ஐந்தை ஸையுங் என்கிறார்கள். தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் முதல் மெய் காணாமல் போயிருக்கிறது. உப்பும் அப்படித்தான். பர்ஜியில் அது சுப். கோண்டா மொழியில் ஸோரு, பெங்கோவில் ஹோர், குவியில் ஹாரு. நமக்கோ உப்பு. 'கொடு' என்ற பொருளில் பழந்தமிழில் வரும் ஈ என்ற வினைக்கு கோண்டாவிலும் குயியிலும் ஸீ, பெங்கோவிலும் குவியிலும் ஹீ. சகரம் முதலில் ஸகரமாகி, பிறகு வெறும் மூச்சொலியான ஹகரமாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது என்ற பாதை இந்த வரிசையிலேயே தெரிகிறது.

இதுவரை பிரச்சினை இல்லை. லைப்சிக்காரர் வந்து கேட்பார்: சரி, தமிழில் சொல் முதலில் வரும் சகரம் கெடும் என்று விதி எழுதலாமா? எழுத முடியாது. சாறு இருக்கிறதே. பழச்சாறு, கரும்புச்சாறு. கன்னடத்தில் ஸாறு, தெலுங்கில் சாரு. ககரத்திலிருந்து வந்த சகரமும் அல்ல, ஏனென்றால் அடுத்து நிற்பது ஆகாரம், கன்னடத்திலும் ககரம் இல்லை. எண்ணான ஆறின் பழைய வடிவத்துக்கும் இந்தச் சாற்றுக்கும் தொடக்க ஒலியில் ஒரு வேறுபாடும் கிடையாது. அதே சகரம், அதே ஆகாரம், அதே றகரம். ஒன்றில் சகரம் போனது, மற்றதில் நின்றது. எந்தச் சூழலைக் காட்டி இந்த இரண்டையும் பிரிப்பீர்கள்? எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக விதி எழுதினாலும் இங்கே அகப்படாது. சாவு என்ற சொல்லையும் பாருங்கள். கோண்டாவில் ஸா, பெங்கோவில் ஹா, தமிழில் சா. பெங்கோவில் உப்பும் சாவும் ஒரே வழியில் போயிருக்கின்றன. இரண்டிலும் ஹகரம். தமிழில் உப்புக்கு ஒரு வழி, சாவுக்கு வேறு வழி.

அதோடு, சில சொற்கள் இரண்டு வடிவத்திலும் இருக்கின்றன. சிறகும் உண்டு, இறகும் உண்டு. சிப்பியும் உண்டு, பழைய நூல்களில் இப்பியும் உண்டு. சிறகு என்றால் பறப்பதற்கான முழு உறுப்பு, இறகு என்றால் உதிரும் தூவல் என்று நாம் இன்று பொருள் பிரித்துக்கொண்டோம். ஒரு சொல் இரண்டாகப் பிளந்த பிறகு மொழி செய்துகொண்ட சிக்கனம் அது.

ஆக, தமிழில் சகரம் கெட்டது சொல்லுக்குச் சொல். சில சொற்களில் முடிந்தது, சில சொற்களில் தொடங்கவேயில்லை, சில சொற்களில் பாதிவழியில் நின்றுவிட்டது. இதே தன்மையுள்ள இன்னொரு மாற்றத்தை நாம் தினமும் பேசிக்கொண்டே இருக்கிறோம். யாமை ஆமையானது, யாடு ஆடானது, யாண்டு ஆண்டானது. எழுத்திலும் இவை முடிந்த காரியம். யானையும் யாரும் எழுத்தில் யகரத்தோடு நிற்கின்றன, பேச்சில் 'ஆனை', 'ஆர்'. யாழ் மட்டும் எழுத்திலும் பேச்சிலும் யகரத்தை விடவில்லை. நீரோடும் ஆறு முன்பு யாறு. இரண்டு வேறு மாற்றங்கள் இரண்டு வேறு சொற்களைக் கொண்டுவந்து ஒரே 'ஆறு' என்ற ஒலியில் விட்டிருக்கின்றன. சாறு மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

இப்படிப்பட்ட மாற்றத்தைக் கொள்கையாக வகுத்தவர் வில்லியம் வாங். 1969இல் 'லேங்குவேஜ்' ஏட்டில் வந்த கட்டுரையில் அவர் சொன்னது: ஒலி ஒரு படியில் சட்டென்று மாறலாம், ஆனால் சொற்களஞ்சியத்தினூடாக அது மெதுவாகப் பரவலாம். லைப்சிக்காரரின் படம் இதற்கு நேரெதிர். அவர்களுக்கு ஒலி மெதுவாக, யாரும் உணராதபடி நகர்கிறது, சொற்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நகர்கின்றன. பாதியில் நின்ற மிச்சங்களுக்கு வாங் தந்த விளக்கமும் முக்கியமானது. ஒரு மாற்றம் எல்லாச் சொற்களையும் தொடுவதற்கு முன் இன்னொரு மாற்றம் குறுக்கே வந்தால், முதலாவது முடியாமலே நின்றுபோகும். தமிழுக்கு இதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. சகரம் கெட்டுக்கொண்டிருந்த காலத்துக்குப் பின்னால் ககரத்திலிருந்து செவி, செய், சிறு என்று புதுச் சகரங்கள் வந்து குவிந்தன. காலியாகிக்கொண்டிருந்த இடம் நிரம்பிவிட்டது. ஆனால் இது முழு விடையாகாது. புதுச் சகரம் வந்தது இ, எ வரிசைக்கு முன் மட்டும். சா, சாறு, சுடு, சொல் என்பவை ஏன் தப்பின என்பதற்கு அது பதில் சொல்லாது.

அடிக்கடி வரும் சொல் முதலில் தேயும் என்ற பழைய கருத்தும் உண்டு. லைப்சிக்காரருக்கு எதிராக 1885இல் எழுதிய ஷுகார்ட் அதை அப்போதே சொல்லிவிட்டார். ஐந்தும் ஆறும் உப்பும் ஈதலும் அடிக்கடி வரும் சொற்கள்தான், சாற்றைவிட நிச்சயமாக. அதுவரை நன்றாகத்தான் போகிறது. ஆனால் சாவு அருமையாக வரும் சொல்லா? 'சொல்' என்பது அருமையான சொல்லா? கருத்து பாதி வழி வந்து நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில்தான் கிருஷ்ணமூர்த்தி வருகிறார். ஆந்திராவில் பிறந்து, தெலுங்கு வினையடிகளைப் பற்றி 1961இல் வெளியிட்ட நூலால் பெயர் பெற்று, 2012இல் மறையும்வரை திராவிட ஒப்பியலின் முதன்மை அறிஞராக இருந்தவர். வட்டாரப் பரவலையும் சொற்பரவலையும் திராவிடச் சான்றுகளோடு இணைத்து 1978இல் எழுதினார். பிறகு 1998இல் கோண்டி வழக்குகளில் ஸகரம் ஹகரமாகிக் கெட்ட கதையை எடுத்துக்கொண்டார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே வாதம் இருக்கிறது: சொற்பரவலின் வழியாகவே ஒழுங்கு பிறக்கிறது.

கோண்டி ஒரே மாதிரிப் பேசப்படும் மொழியல்ல. மத்திய இந்தியாவின் காடுகளிலும் மலைகளிலும் பரந்து கிடக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் ஸகரம் நிற்கிறது. அங்கிருந்து தெற்கும் தென்கிழக்கும் போகப் போக ஹகரம் வருகிறது. அதற்கப்பால் அதுவும் இல்லை. உப்பு என்ற ஒரே சொல் ஸோவர், ஹோவர், ஓவர் என்று மூன்று வடிவில் கிடைக்கிறது. கிருஷ்ணமூர்த்தி செய்தது என்னவென்றால், ஒரே சொல்லை மட்டும் பார்க்காமல், தொல் சகரத்தில் தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு வழக்கிலும் அது எந்த நிலையில் நிற்கிறது என்று பதிந்தார். நிலை மூன்று. மாறாதது, இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் வழங்குவது, மாறி முடிந்தது. எந்தச் சொல்லும் முதல் நிலையிலிருந்து மூன்றாவதுக்கு நேரே பாய்வதில்லை, நடுவில் இரண்டுங்கெட்டான் நிலை ஒன்று உண்டு. ஒரு வழக்கில் தகுதியுள்ள எல்லாச் சொல்லும் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது விலக்கற்ற விதியாகத் தெரியும். வராவிட்டால் தமிழில் போல ஆறும் சாறும் பிரிந்து நிற்கும். பெங்கோவில் ஒழுங்கு, தமிழில் ஒழுங்கின்மை, கோண்டியில் நடுவழி. மூன்றும் ஒரே பாதையின் மூன்று இடங்கள்.

அழகான வாதம். முதலில் வாசித்தபோது, நூறு வருட வழக்கு தீர்ந்துவிட்டது என்றே எனக்குப் பட்டது. இரண்டாம் தரம் வாசிக்கும்போது இரண்டு இடத்தில் தயக்கம் வந்தது. அந்தத் தயக்கம் இன்னும் போகவில்லை.

முதலாவது, இங்கே இடம் காலமாக வாசிக்கப்படுகிறது. வடக்கே ஸ, நடுவே ஸவும் ஹவும் கலந்து, தெற்கே ஹ என்றால், நடுப்பகுதி மாற்றத்தின் நடுக்கட்டத்தில் இருக்கிறது என்பது ஒரு விளக்கம். தெற்கே மாற்றம் ஒழுங்காக, எல்லாச் சொல்லிலும் ஒரே முறையில் நடந்து முடிந்து, அதன் பிறகு தெற்கத்திச் சொற்கள் திருமணத்தோடும் சந்தையோடும் ஒவ்வொன்றாக வடக்கே போய் ஏறியிருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். இந்த இரண்டாவதில் சொல்லுக்குச் சொல் பரவியது ஒலிமாற்றம் அல்ல, கடன்வாங்கல். லைப்சிக்காரர் இதைத் தாராளமாக ஏற்றுக்கொள்வார். வரைபடத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். அண்டை வழக்கே இல்லாமல் தனித்த ஒரு பேச்சுக்கூட்டத்தில், பேத்தியும் மூத்தம்மாவும் ஒரே சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று பதிந்தால்தான் தெரியும்.

இரண்டாவது தயக்கம் சான்று பற்றியது. கோண்டிச் சொற்களுக்கான பெருந்தொகுப்பு பரோவும் பட்டாச்சார்யாவும் 1960இல் வெளியிட்டது. பல காலத்தில், பல கைகள் எழுதிவைத்த பட்டியல்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. சொற்பட்டியல் எழுதுகிறவர் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு வடிவத்தைத்தான் எழுதுவார். ஒரே ஆள் காலையில் ஸோவர் என்றும் பின்னேரம் ஹோவர் என்றும் சொன்னதைப் பட்டியல் பிடிக்காது. கிருஷ்ணமூர்த்தியின் வாதத்துக்கு உயிரான நடுநிலைதான் இப்படிப்பட்ட சான்றில் மிகக் குறைவாகப் பதியும்.

லபோவ் 1981இல் இதே வழக்குக்கு வேறொரு தீர்ப்புச் சொல்லியிருந்தார். இரண்டும் உண்மை, ஆனால் வேறு வேறு வகை மாற்றங்களுக்கு உண்மை. ஒலி சிறிது சிறிதாக நகரும் மாற்றங்கள் விதிப்படி நடக்கும். ஒரு ஒலி வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குச் சொல்லைத் தூக்கி வைக்கும் மாற்றங்கள் சொல்லுக்குச் சொல் நடக்கும். பிலடெல்பியா நகரத்து ஆங்கிலத்தில் 'மேட்', 'பேட்', 'க்ளேட்' என்ற மூன்று சொற்களின் உயிர் இறுகிவிட, அதே சூழலிலுள்ள 'ஸேட்' இறுகாமல் நிற்பது அவர் காட்டிய உதாரணம். எங்கட ழகரம் முதல் வகைக்கு நன்றாகப் பொருந்துகிறது. தமிழின் சகரக் கேடு இரண்டாம் வகைக்குப் பொருந்துகிறது. பெங்கோவின் ஹகரத்தை எதில் வைப்பது என்பதுதான் சிக்கல். அது சகரக் கேட்டின் அதே பாதையில் ஒரு படி, ஆனால் ஒழுங்காக முடிந்திருக்கிறது. இங்கே லபோவைவிடக் கிருஷ்ணமூர்த்தியின் விளக்கமே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. ஆனால் 'ஒழுங்கெல்லாம் சொற்பரவலில் பிறந்தது' என்று அதை நீட்டினால் நான் கூட வரமாட்டேன். பரவல் முடிந்தால் ஒழுங்கு வரும் என்று காட்டியிருக்கிறார். ஒழுங்கு இருக்கும் இடமெல்லாம் பரவல் இருந்தது என்பது வேறு கூற்று. அதற்கு எங்கட ழகரம் சாட்சி சொல்லாது.

இலங்கையில் இருக்கிற நமக்கு இதே ஸகர-ஹகரக் கதை இன்னொரு மொழியில் பக்கத்திலேயே கேட்கிறது. சிங்களப் பேச்சில் நிலா ஹந்த, மனம் ஹித. எழுத்தில் ஸந்த, ஸித. எண்ணில் ஆறு ஹய, ஏழு ஹத. சூரியன் ஹிருவாகி, பேச்சில் இர என்று ஹகரத்தையும் இழந்துவிட்டான். கோண்டியின் மூன்று படியும் ஒரே தீவில் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட இடமுண்டு. ஆனால் ஸந்தவும் ஹந்தவும் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, இதோ சொற்பரவலின் நடுநிலை என்று எழுதினால் அது பிழையாகப் போகும். கவிதையிலும் பிரசங்கத்திலும் வரும் ஸந்த, நூல்வழக்கு காப்பாற்றித் தரும் வடிவம். வீட்டுப் பேச்சில் அது ஹந்தவோடு போட்டியிடவில்லை. இரண்டு வடிவம் என்பதல்ல அடையாளம். ஒரே ஆளின் ஒரே மாதிரிப் பேச்சில் இரண்டு வடிவம் என்பதுதான் அடையாளம்.

அரபுச் சொற்களும் ஒரு நல்ல பரிசோதனையைத் தருகின்றன. வடமொழி ஸஹஸ்ரம் தமிழில் ஆயிரமானது. பிராகிருதச் சமணன் புகளூர்க் கல்வெட்டில் அமணன். சீஹளம் ஈழமானது என்பதும் இந்த வரிசையில் வைத்துச் சொல்லப்படுவதுதான். இவை மிகப் பழைய கடன்கள், சகரக் கேடு உயிரோடிருந்த காலத்தின் வாசனை அவற்றில் அடிக்கிறது. சலாமும் சபுரும் சுன்னத்தும் சைத்தானும் தமிழுக்குள் வந்தபோது அந்த மாற்றம் செத்துப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. யாரும் அலாம் சொல்லவில்லை, யாரும் உன்னத்துச் செய்யவில்லை. எவ்வளவு அடிக்கடி வாயில் வந்தாலும் சரி. ஒரு மாற்றத்துக்கு ஆயுள் உண்டு, அது முடிந்த பிறகு வரும் சொல்லை அது தொடாது. அதே அரபுச் சொற்களின் ஹகரம் மட்டும் முந்திய தலைமுறையின் வாயில் உதிர்ந்தது. ஆஜியார், அசன், உசைன், அமீது. இதைச் சொற்பரவல் என்று எடுத்துக்கொள்ளலாமா? நான் எடுக்கமாட்டேன். தமிழில் சொல் முதலில் ஹகரம் இல்லை, இல்லாத ஒலியை விட்டுவிட்டுச் சொன்னார்கள். இன்று மதரசாவும் பள்ளிக்கூடமும் ஹகரத்தைத் திரும்பக் கொண்டுவருகின்றன. ஹலால், ஹராம் என்று ஓதிப் பழகிய சொற்களில் அது முதலில் ஏறுகிறது, 'ஆஜியார்' போன்ற வீட்டுச் சொற்களில் பிந்துகிறது. சொல்லுக்குச் சொல் நடக்கிற காரியம்தான். ஆனால் அதை நடத்துவது ஒலியல்ல, கல்வி.

இதெல்லாம் தெரிந்த பிறகு, தொடக்கத்தில் சொன்ன கட்டுரைகளுக்குத் திரும்பலாம். நமது பெயரையே எடுத்துக்கொள்வோம். யவன என்ற சொல் பாளியில் யோன ஆகி, யோனகர் என்று தமிழில் வந்து, சோனகர் ஆனது என்பது பலரும் ஒப்பும் விளக்கம். நானும் ஒப்புகிறேன். ஆனால் எந்தப் பலத்தில்? யகரம் சொல் முதலில் சகரமாகும் என்று ஒலிவிதி எழுத முடியாது. யாமை சாமையாகவில்லை, யாறு சாறாகவில்லை. யகரம் கெட்டுத்தான் போயிருக்கிறது. யமனுக்குச் சமன் என்ற பெயர் உண்டே என்று காட்டலாம், ஆனால் வடமொழியில் யமனுக்குச் சமன என்றே தனியாக ஒரு பெயர் இருப்பதால் அந்தச் சாட்சி கறைபட்டது. சரி, சொற்பரவல்தானே, இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்தது என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பரவல் கொள்கையைச் சாக்காக்கும் பழக்கம் தொடங்குகிறது. கிருஷ்ணமூர்த்தி சகரக் கேட்டைச் சொல்லும்போது ஐந்து, ஆறு, உப்பு, ஈதல் என்று சொற்கூட்டத்தைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் சகோதர மொழியில் பழைய மெய்யைக் காட்டினார். ஒலி போன பாதையில் நடுப்படியையும் காட்டினார். ஒரு சொல்லில் மட்டும் நடந்த மாற்றத்துக்குப் பரவல் என்று பெயர் வைக்க முடியாது. பரவுவதற்கு இரண்டாவது சொல்லாவது வேண்டாமா?

சோனகருக்குப் பலம் வேறு இடத்திலிருந்து வருகிறது. பழைய உரைகாரர் யவனர் என்ற சொல்லுக்குச் சோனகர் என்று பொருள் எழுதினார்கள். யோனகர் என்ற இடைவடிவமும் வழக்கில் இருந்தது. ஒரே மக்களை இரண்டு பெயரும் குறித்தன. பொருளும் ஆவணமும் இணைப்பை நிறுத்துகின்றன, ஒலி அதற்குத் தடையாக நிற்கவில்லை, அவ்வளவுதான். இப்படி எழுதினால் வாசகனுக்கு எந்தத் தூண் எந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்று தெரியும். ஆவணமும் இல்லாமல், இடைவடிவமும் இல்லாமல், கூட்டாளிச் சொல் ஒன்றும் இல்லாமல், 'இந்த எழுத்து அந்த எழுத்தானது' என்று மட்டும் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் விளக்கங்களுக்கு லைப்சிக்கும் உதவாது, கோண்டியும் உதவாது. அந்த ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொண்டு அதே எழுத்தில் தொடங்கும் பக்கத்து ஊர்ப்பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதிப் பார்க்கலாம். எத்தனை மாறின, எத்தனை மாறவில்லை, எதுக்குப் பழைய காணி உறுதியில் வேறு வடிவம் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். ஒரு கொப்பியும் ஒரு மாதமும் போதும்.